ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கில் சேர்க்காதவன்

எனக்குக் கோபம் வரும். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, விவரமாகச் சொல்கிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருஷம் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தவனுக்குக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். காலையில் கேட்டுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, எண்ணூறு பேருடைய பஞ்ச் கார்டையும் பார்த்து, வந்தவனுக்கு பி, வராதவனுக்கு ஏ, வார லீவுக்கு டபிள்யூ.ஓ. என்று மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், ஏற்ற வேண்டும். பொய் சொல்லாத ஆளே அந்த ஜன்னலுக்கு வந்ததில்லை. மாமனார் செத்துட்டார் என்பான். அதே மாமனாரை மூன்று தடவை நான் மஸ்டரில் அடக்கம் செய்திருக்கிறேன்.

மாசா மாசம் நோட்டீஸ் போர்டில் முழு வருகைப் பட்டியல் ஒட்டுவோம். ஒரு வேலை நாள் கூட விடாமல் வந்தவர்களின் பெயர். ஒரு நாள் விட்டால் பெயர் இல்லை. கெஞ்சினாலும் இல்லை, அழுதாலும் இல்லை. இதை நான் வீட்டில் சாப்பிடும்போது பெருமையாகச் சொல்வேன். என் மனைவி கேட்டுக்கொண்டே குழம்பு ஊற்றுவாள். அவள் எதையும் மறக்காத ஜாதி என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவள் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். தினமும் ஆம்பூரிலிருந்து ரயில் பிடித்து காட்பாடி போய், அங்கிருந்து பஸ். அவளுடைய அண்ணன் வீடு பாகாயத்தில். அங்கேயே குடி போய்விடலாம் என்று கல்யாணமான நாளிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தாள். மச்சான் வீட்டு நிழலில் ஒண்டுவதற்கு என் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. முடியாது என்றேன். பத்து வருஷமாக அதையே சொன்னேன்.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது ஒன்பது வயசு, நாலாவது முடித்திருந்தாள். நாலு வயசிலிருந்தே இழுப்பு. நெஞ்சு விசில் அடிக்கும், தோள் இரண்டும் தூக்கிக்கொள்ளும், இன்ஹேலரில் பஃப் அடித்தால் அடங்கும். சில நாள் அதற்கும் அடங்காது, மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுக்க ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நான் சிகரெட் பிடிப்பவன். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட். மகள் முன்னால் பிடிக்க மாட்டேன், பாத்ரூமில்தான் பிடிப்பேன். இதுவும் எனக்கு ஒரு பெருமை.

"அந்தப் பாத்ரூம்லதான அவ குளிக்கிறா?" என்பாள் மனைவி.

"ஊர் பூரா தோல் நாத்தம். ஆம்பூர்ல மூக்கு இருக்கிறவன் எவனுக்குமே இழுக்கும். என் சிகரெட்டு மட்டும் கண்ணுல பட்டுச்சா உனக்கு?"

இந்தச் சண்டை மாதத்துக்கு இரண்டு முறை நடக்கும். அந்த ஏப்ரல் கடைசியில் மகளுக்கு மூன்று நாளில் இரண்டு தடவை மருந்துப் புகை கொடுக்க வேண்டி வந்தது. இரண்டாவது தடவை முடிந்து வீட்டுக்கு வந்த மனைவி செருப்பைக் கூடக் கழற்றவில்லை, நேரே சூட்கேஸை எடுத்தாள். சனிக்கிழமை, ஏப்ரல் முப்பது.

கிளம்பும்போது ஒரு ஜெராக்ஸ் தாளை மேஜையில் வைத்தாள். அவள் ஆஸ்பத்திரியில் ஊழியர்களுக்காக ஒட்டியிருந்த 'முப்பது நாள் சவால்'. ஒரு பழக்கத்தை விடவோ பிடிக்கவோ முப்பது நாள். முப்பது கட்டம். செய்த நாளுக்கு ஒரு டிக். கீழே ஒரே ஒரு வரி: ஒரு நாள் தவறினால் மறுபடி முதல் கட்டத்திலிருந்து.

"முப்பது நாள் தொடர்ந்து தொடாம இருங்க. முப்பத்தோராவது நாள் நானும் பாப்பாவும் இங்க இருப்போம். இல்லன்னா ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள டிசி வாங்கி பாகாயத்துல சேத்துடுவேன்."

"மெரட்றியா?"

"ஆமா."

இப்படிப் பட்டென்று ஆமாம் சொல்பவளிடம் என்ன சண்டை போடுவது? "சரி, நாளைக்கு ஞாயித்துக்கிழமை, வேணாம். திங்கள்லருந்து ஆரம்பிக்கிறேன்" என்றேன். அவளும் சரி என்றாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொண்டேன்.

மே இரண்டு, திங்கட்கிழமை முதல் நாள். முப்பதாவது நாள் எது? விவரம் தெரியாதவன் இரண்டோடு முப்பதைக் கூட்டி ஜூன் ஒன்று என்பான். கம்பெனியில் முக்கால்வாசிப் பேர் லீவு லெட்டரில் இந்தத் தப்பைச் செய்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். முதல் நாளும் ஒரு நாள்தானே? இருபத்தொன்பதைத்தான் கூட்ட வேண்டும். மே முப்பத்தொன்று, செவ்வாய். பள்ளிக்கூடம் ஜூன் ஆறு, திங்கட்கிழமை திறக்கிறார்கள். ஒரு வாரம்கூட இடைவெளி இல்லை. அதாவது ஒரே ஒரு நாள் சறுக்கி, ஒன்றிலிருந்து ஆரம்பித்தால், அது முதல் வாரத்திலேயே சறுக்கினால்தான் பிழைக்கலாம். அதற்கு மேல் சறுக்கினால் மகள் போனாள். இந்தக் கணக்கை எல்லாம் நான் அன்றே போட்டுவிட்டேன். கணக்கில் என்னை யாரும் அசைக்க முடியாது என்கிற திமிர்தான் இந்தக் கதையே.

அவள் கொடுத்த தாளில் தேதி இல்லை. தேதி இல்லாத சார்ட்டை ஒரு டைம் ஆபீஸ்காரன் ஏற்றுக்கொள்வானா? அதை அலமாரித் தட்டில் விரித்து மேலே ஊறுகாய் பாட்டிலை வைத்தேன். சமையலறையில் தொங்கிய மாதக் காலண்டரில், மே இரண்டாம் தேதிக் கட்டத்தில் ராத்திரி படுக்கப் போகும் முன் பி என்று எழுதினேன். பிரசென்ட்.

முதல் வாரம் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். மலம் போகவில்லை. கட்டிங் செக்‌ஷனில் ஒருத்தன் இரண்டு நிமிஷம் லேட்டாக வந்ததற்கு அவன் தாத்தா வரைக்கும் திட்டினேன். பஞ்ச் கார்டை நீட்டுகிறவர்கள் ஜன்னலுக்கு ஒரு அடி தள்ளி நின்றே நீட்டினார்கள். ஸ்டோர்ஸில் வேலை பார்த்த பாய் ஒருவர்தான் எனக்கு அங்கே தோஸ்த். அவர் மட்டும் தினமும் டீ நேரத்துக்கு வந்து, "இன்னா, இன்னைக்கு எத்தினி பேரைக் கடிச்சே?" என்று விசாரித்துவிட்டுப் போவார்.

சனிக்கிழமை ஆறு பி ஆகிவிட்டது. ஆறு நாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மே எட்டு. கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. தெரு முனை டீக்கடையில் டீ சொன்னேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்தது என்ன, ஆறு நாளாக உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

மஸ்டரில் ஞாயிற்றுக்கிழமை என்ன? டபிள்யூ.ஓ. அது வந்த நாளும் இல்லை, வராத நாளும் இல்லை. வார லீவு எடுத்ததால் எவனுடைய சர்வீஸாவது அறுந்து போகுமா? முழு வருகைப் பட்டியலில் இருந்து எவன் பெயரையாவது ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்று அடித்திருக்கிறேனா? அட, சபையிலேயே லெந்து என்கிற உபவாச காலத்தை எப்படி எண்ணுகிறார்கள்? சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணிப் பாருங்கள், நாற்பத்தாறு வரும். ஆறு ஞாயிறைக் கழித்துத்தான் நாற்பது என்கிறோம். ஆண்டவருக்கே ஞாயிற்றுக்கிழமை கணக்கில் இல்லை. அவளும்தான் முதல் ஞாயிறை விட்டுக் கொடுத்தாள்.

இரண்டு சிகரெட் பிடித்தேன். வீட்டுக்கு வந்து மே எட்டுக் கட்டத்தில் டபிள்யூ.ஓ. என்று எழுதினேன். நான் ஏமாற்றுக்காரன் இல்லை என்று காட்ட, முடிகிற தேதியையும் நானே தள்ளிப் போட்டேன். மே முப்பத்தொன்று வரைக்கும் நான்கு ஞாயிறு. நான்கு நாள் கூட்டு. ஜூன் நான்கு, சனிக்கிழமை. திங்கள் பள்ளிக்கூடம். பொருந்தி வந்தது. இவ்வளவு நேர்மையாக ஊரில் எவன் கணக்கு வைக்கிறான் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மே பதினைந்து. அன்றைக்குக் கோயிலுக்குக் கூடப் போகவில்லை. காலையிலேயே மூன்று பிடித்தேன். மகளைப் பார்க்காமல் இரண்டு வாரம் ஆகியிருந்தது. மத்தியானம் பஸ் ஏறி வேலூர் போய், பஸ் ஸ்டாண்டில் ஒன்று பிடித்து, ஏலக்காய் மென்று, பாகாயம் பஸ்ஸில் ஏறினேன். மச்சான் கதவைத் திறந்து, "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி டியூட்டியில் இருந்தாள். அந்த நேரமாகப் பார்த்துத்தான் போனேன்.

மகள் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். "டாடி, நீங்க எண்றீங்களா?" என்றாள்.

"எண்றேன் கண்ணு."

"நானும் எண்றேன்" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. இன்னும் எத்தனை நாள் அப்பாவைப் பார்க்க என்று எண்ணுகிறாள் என நினைத்துக்கொண்டேன். நினைப்புக்கு என்ன குறைச்சல்! ஒரு மணி நேரம் மடியில் வைத்துக் கதை பேசிவிட்டு, அவள் அம்மா வருவதற்குள் கிளம்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மே பதினைந்துக் கட்டத்தில் டபிள்யூ.ஓ.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் அடித்தது. மனைவி.

"எத்தனாவது நாள்?"

எடுத்த எடுப்பில் அதுதான். சாப்பிட்டீங்களா இல்லை, எப்படி இருக்கீங்க இல்லை.

"பதினாலு" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் முணுமுணுத்து எண்ணுவது கேட்டது. பிறகு, "தேதி பதினேழு. ரெண்டாம் தேதி ஆரம்பிச்சா இன்னைக்குப் பதினாறு. ரெண்டு நாள் எங்க?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். பதினாறு என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் கணக்கில் பொய் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதுதான் என் தலையில் மண்ணைப் போட்டது. "ஞாயித்துக்கிழமை ரெண்டும் வார லீவு. எண்ணல. அதுக்குப் பதிலா ஜூன் நாலு வரைக்கும் இருக்கேன். உனக்கு ஒரு நாளும் கம்மி இல்ல" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை பிடிச்சீங்களா?"

"வார லீவுன்றேனே."

"பிடிச்சீங்களா, இல்லையா?"

"பிடிச்சேன்! இன்னா இப்ப? ஆறு நாள் நாக்கைக் கட்டி வச்சவன் ஒரு நாள் பிடிச்சேன். லெந்துலயே ஞாயிறு கணக்குல இல்ல. உங்க ஆஸ்பத்திரி பேப்பர்ல ஞாயிறு சேத்தின்னு எழுதியிருக்கா?"

"வார லீவு வேலைக்கு. அவ நெஞ்சுக்கு ஏது வார லீவு?"

"நர்ஸா இருந்துக்கிட்டு டாக்டர் மாதிரி பேசாத."

"உங்க நோட்டீஸ் போர்டு ரூல்தான் இது. ஒரு நாள் விட்டவன் பேரை அடிச்சுடுவேன்னு எங்கிட்ட பெருமை அடிச்சது நீங்கதான. அழுதாலும் இல்ல, கெஞ்சினாலும் இல்லன்னு." குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. "கடைசியாப் பிடிச்சது பதினஞ்சு. பதினாறு ஒண்ணு. இன்னைக்கு ரெண்டாவது நாள். ஜூன் பதினாலு முப்பது. ஸ்கூல் ஆறாம் தேதி திறக்குது. நான் டிசி வாங்கிக்கிறேன்."

"பதினாலு நாள் பல்லைக் கடிச்சதுக்கு மரியாதை இல்லையா? அதெல்லாம் சும்மாவா?"

"சும்மா இல்ல. ஆனா தொடர்ச்சி இல்ல."

"உனக்குப் பாகாயம் போகணும். அதுக்கு என் சிகரெட்டு ஒரு சாக்கு. உன் அண்ணன் சொல்லிக் குடுத்தானா?"

வைத்துவிட்டாள். நானும் ரிசீவரை அறைந்தேன். மேலே ஒரு கீறல் விழுந்தது. அந்தப் போன் இருந்தவரை அந்தக் கீறலும் இருந்தது.

நேரே டீக்கடைக்குப் போனேன். ஒரு பாக்கெட் வாங்கி, ஒன்றை உதட்டில் வைத்தேன். எப்படியும் டிசி வாங்கப் போகிறாள், இனி எவனுக்காக? அங்கே ஸ்டோர்ஸ் பாய் உட்கார்ந்திருந்தார். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். "நீங்களே சொல்லுங்க பாய். நோன்புல ஒரு நாள் விட்டா, பின்னாடி ஒரு நாள் வச்சு சரிக்கட்டிக்கிறீங்கல்ல? முதல்லருந்தா வைக்கிறீங்க?"

அவர் டீயை உறிஞ்சிவிட்டு, "பீமாரி, நோய் நொடி வந்தா, சஃபர்ல, பிரயாணத்துல இருந்தா விடலாம். அப்புறம் ஒண்ணுக்கு ஒண்ணு வச்சுக்கலாம். நீ பீமாரியா?" என்றார்.

"இல்ல."

"சஃபரா?"

"இல்ல."

"வேணும்னே முறிச்சே. நோன்பு வச்சிருக்கும்போதே காரணமே இல்லாம வேணும்னே முறிச்சா எங்க பக்கம் இன்னா தெரியுமா? அறுபது நாள். தொடர்ந்து. நடுவுல ஒண்ணு விட்டா திரும்பியும் ஒண்ணுலருந்து. உன் சம்சாரம் முப்பதோட விட்டாங்களே, ஷுக்ரியா சொல்லு."

"நீங்களும் அவ கட்சியா?"

"கட்சி இல்லப்பா. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னுருந்தா உன்னை நீ விட்டிருப்பியா? அதை யோசி."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் டீயைத் தட்டிவிட்டிருப்பேன். உதட்டில் இருந்ததைப் பிடுங்கி, பாக்கெட்டோடு சேர்த்துக் கசக்கி, பெஞ்சுக்குக் கீழே போட்டு மிதித்தேன். திருந்தி அல்ல. நல்லவனாகி அல்ல. ஜூன் பதினாலு முடிந்ததும் இரண்டு காலண்டர் தாளையும் அவள் மூஞ்சியில் விட்டெறிய வேண்டும், "எண்ணிக்கோடி" என்று சொல்ல வேண்டும், அதற்காக. அன்பினால் விட முடியாததை வெறுப்பினால் விட்டேன். மிச்ச இருபத்தெட்டு நாளும் என்னை ஓட்டியது அதுதான். மே இருபத்திரண்டு, இருபத்தொன்பது, ஜூன் ஐந்து, பன்னிரண்டு. நான்கு ஞாயிறும் கோயில் முடிந்து வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டி, சாவியை எதிர் வீட்டில் கொடுக்காத குறையாக உள்ளேயே கிடந்தேன். ஞாயிற்றுக் கட்டத்திலும் பி எழுதினேன். மஸ்டர் சரித்திரத்திலேயே ஞாயிற்றுக்கிழமைக்கு பி எழுதியது அப்போதுதான்.

ஜூன் ஒன்று புதன்கிழமை அவள் கம்பெனிக்கே வந்தாள். டிசி விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்து வேண்டுமாம். கேட் வாட்ச்மேன் என் ஜன்னலுக்கு அழைத்து வந்தார். எண்ணூறு பேர் நின்ற அதே இடத்தில் அவளும் நின்று, கம்பி வழியாகத் தாளை நீட்டினாள்.

"உன் வேலை முடிஞ்சதுல்ல? நெனச்சதை சாதிச்சுட்ட" என்றேன்.

"கையெழுத்துப் போடுங்க. ரயிலுக்கு நேரமாச்சு."

"பதினாலாம் தேதி முப்பது முடியும்போது இந்தத் தாளைத் திரும்ப வாங்கிட்டு வருவியா?"

"சேத்த பிள்ளையை ஒரு வாரத்துல எடுக்க முடியுமா?" என் விரலைப் பார்த்தாள். நடு விரலிலும் ஆள்காட்டி விரலிலும் இருந்த மஞ்சள் கறை வெளுத்திருந்தது. "இன்னைக்குப் பதினேழு" என்றாள்.

"எனக்குத் தெரியும். எனக்கு எண்ணத் தெரியும்."

கையெழுத்துப் போட்டேன். பேனா முனை தாளைக் கிழித்தது. அவள் பொறுமையாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "முப்பதாவது நாள் முடிஞ்சாத்தான் முப்பது. பதினாலு அன்னைக்கு வராதீங்க. பதினஞ்சு காலைல வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பின்னால் வரிசையில் நின்ற ஸ்டிச்சிங் செக்‌ஷன் அம்மா ஒருத்தி சிரித்ததாக எனக்குப் பட்டது. அன்றைக்கு அவளுக்கு லேட் போட்டேன். அவள் லேட்தான், ஆனால் வேறொரு நாளாக இருந்திருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ.

ஜூன் பதினைந்து, புதன்கிழமை. பத்தொன்பது வருஷத்தில் சொல்லாமல் லீவு போட்டது அன்றைக்குத்தான். மே தாளையும் ஜூன் தாளையும் காலண்டரிலிருந்து கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ரயிலில் போகும்போது சொல்ல வேண்டிய வசனத்தை எல்லாம் அடுக்கினேன். உன் பொண்ணு ஊரை விட்டுப் போக நான் காரணம் இல்ல, நீதான். முப்பது நாள் இருந்தேன், நீ உன் பேச்சைக் காப்பாத்தல. எல்லாவற்றையும் அடுக்கி, காட்பாடி வருவதற்குள் இரண்டு தடவை ஒத்திகையும் பார்த்தாகிவிட்டது.

ஏழரை மணிக்குப் பாகாயம். மகள் புது யூனிஃபார்மில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். வேறு கலர் யூனிஃபார்ம். மனைவி தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே இரண்டு தாளையும் எடுத்து மேஜையில் போட்டேன். "எண்ணிக்கோ" என்றேன். 'டி' மட்டும் மகளுக்காக வாயோடு நின்றுவிட்டது.

அவள் சீப்பை வைத்துவிட்டு எண்ணினாள். உண்மையாகவே விரலை வைத்து, மே பதினாறிலிருந்து ஜூன் பதினாலு வரை ஒவ்வொரு கட்டமாக. பிறகு என் பக்கத்தில் வந்து, ஆஸ்பத்திரியில் பண்ணுவது போல எந்த வெட்கமும் இல்லாமல் சட்டைக் காலரை மோந்து பார்த்தாள். "முப்பது" என்றாள். "சரியா இருக்கு."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மகள் குதித்து எழுந்து, "எனக்கும் டாடி! எனக்கும் நேத்தோட முப்பது!" என்று உள்ளே ஓடினாள்.

கொண்டு வந்தது அதே மாதிரி ஜெராக்ஸ் தாள். முப்பது கட்டம். இரண்டு தாள் வைத்திருந்தாள். அப்பன் தேதி இல்லாத சார்ட்டை ஏற்காதவன், மகளும் அப்படியே: ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் தேதி எழுதி டிக் போட்டிருந்தாள். மேலே கொட்டை எழுத்தில், 'பஃப் அடிக்காத நாள்.'

முதல் தாள் மே ஒன்றில் ஆரம்பித்தது. அவர்கள் வீட்டை விட்டுப் போன மறுநாள். பதினாலு டிக். பதினைந்தாவது கட்டத்தில் டிக் இல்லை, சிவப்பு மையில் ஒரு வட்டம். அதற்குப் பிறகு அந்தத் தாளில் எல்லாக் கட்டமும் காலி. இரண்டாவது தாள் மே பதினாறில் ஆரம்பித்து ஜூன் பதினாலில் முடிந்தது. முப்பது.

மேஜையில் என் மே மாதத் தாள் அப்படியே கிடந்தது. பதினைந்தாம் தேதிக் கட்டத்தில் என் கையெழுத்தில் டபிள்யூ.ஓ.

"இது என்ன நாள் கண்ணு?" என்றேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"நீங்க வந்தீங்கல்ல டாடி, அன்னைக்கு. நீங்க போனப்புறம் இழுத்துச்சு. ரெண்டு வாட்டி பஃப் அடிச்சும் நிக்கல. மம்மி டியூட்டியிலருந்து வந்து தூக்கிட்டு ஓடுனாங்க." ஓட்டப் பந்தயத்தில் விழுந்த கதையைச் சொல்வது போலச் சொன்னாள். "பதினாலு வந்துருச்சு எனக்கு. மறுபடி ஒண்ணுலருந்து."

நான் மனைவியைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணி. எத்தனாவது நாள்? அவள் கேட்டது என் கணக்கை இல்லை, மகளுக்கு இழுத்த அந்த ஞாயிற்றுக்கிழமையை.

"ஏன் சொல்லல?" என்றேன். "போன்ல ஏன் சொல்லல நீ?"

அவள் மகளைப் பார்த்தாள். மகள்தான் சொன்னாள். "நான்தான் சொல்லாதீங்கன்னேன். சொன்னா நீங்க மம்மிகிட்ட சண்டை போடுவீங்க. அப்புறம் வரவே மாட்டீங்க."

ரயிலில் அடுக்கிய வசனம் எதுவும் வாயில் இல்லை. எண்ணூறு பேரை ஜன்னலில் நிறுத்திக் கேள்வி கேட்ட வாய். உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அழுகை வந்தது, அடக்கத் தெரியவில்லை. மச்சான் டிவியை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த மனுஷனை நான் பத்து வருஷம் திட்டியிருக்கிறேன்.

மகள் பயந்துவிட்டாள். என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மோந்து பார்த்தாள், அம்மாவைப் போலவே. "டாடி, நான் இப்ப ஆம்பூர் வரணுமா? அங்க வந்து ஒரு நாள் இழுத்துச்சுன்னா நான் திரும்பியும் ஒண்ணுலருந்தா எண்ணணும்?"

"வேணாம்" என்றேன். "நீ அங்க வர வேணாம்."

பள்ளிக்கூட வேன் வந்து ஹாரன் அடித்தது. அவள் பையை மாட்டிக்கொண்டு, வாசல் வரை போய்த் திரும்பி வந்து, என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, தன் இரண்டாவது தாளில் முப்பதாவது கட்டத்துக்குப் பக்கத்தில், கட்டமே இல்லாத இடத்தில், ஒரு கட்டம் வரைந்து பதினைந்து என்று தேதி போட்டாள். டிக் போடவில்லை. "இன்னும் இன்னைக்கு முடியல" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அந்த மாதக் கடைசியில் ஆம்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டு மச்சான் வீட்டு மாடிக்குக் குடி வந்தேன். தினமும் காட்பாடியில் ரயில் பிடித்து ஆம்பூர் போய், அதே ஜன்னலில் உட்கார்ந்தேன். முதல் வாரத்திலேயே இரண்டு நாள் ரயில் தாமதம். என் கார்டில் நானே லேட் போட்டுக்கொண்டேன்.